உருபு தொக்க நகை

தஞ்சாவூர்ப் பக்கத்து நகைக்கடை விளம்பரத்துக்குப் பதினைந்து சொற்கள் போதும். திரையரங்கில் இடைவேளையின்போது சில நொடிகள் நின்று மறையும் ஸ்லைடானாலும், உள்ளூர்க் கேபிள் சேனலில் படத்துக்கு அடியில் ஓடும் ஸ்க்ரோலானாலும் அச்சு ஒன்றுதான். கடைப் பெயரையும் தெருப் பெயரையும் எடுத்துவிட்டால் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

திருமண நகைகளுக்கு … ஜுவல்லர்ஸ், … வீதி, தஞ்சாவூர். கைராசியான கடை. 916 ஹால்மார்க். செய்கூலி இல்லை. சேதாரம் 5% முதல்.

நான் வாசிக்க எடுத்துக்கொள்வது ஏதோ ஒரு கடையின் விளம்பரத்தை அல்ல. பெயரை மாற்றினாலும் மாறாத இந்த அச்சை. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும் இதே வரிகள் வேறு பெயர்களோடு ஓடுகின்றன. பட்டுப்புடவை கட்டிய நடிகை நிறைய நகையோடு சிரிக்கும் பெரிய விளம்பரங்களைப் பற்றிப் பெண்ணிய விமர்சனம் ஏற்கெனவே நிறையப் பேசியிருக்கிறது. இந்தச் சின்ன வரிகளில் பெண்ணின் படம்கூட இல்லை. அதனால்தானோ என்னவோ, இவற்றை நாம் வாசிப்பதே இல்லை. படம் இல்லாததால் இதில் பெண் இல்லை என்று ஆகிவிடாது. அவள் எந்த இடத்திலிருந்து விடப்பட்டிருக்கிறாள் என்பதை இலக்கணம் காட்டிக்கொடுக்கிறது.

முதலில் இவ்வளவு குறைவான சொற்களுக்குக் காரணம் என்ன என்று பார்க்கலாம். ஸ்லைடு என்பது முன்பு உள்ளங்கை அளவுக் கண்ணாடி. புரொஜக்டரின் ஒளியில் சுவரளவு விரிந்தாலும், பார்வையாளர் முறுக்கு வாங்க எழுந்துபோகும் நேரத்தில் படித்து முடிக்கும்படி இருக்க வேண்டும். 'புகைபிடிக்காதீர்' என்பதற்கும் 'நல்வரவு' என்பதற்கும் நடுவே அது வந்துபோகும். ஸ்க்ரோலில் வேறு சிக்கல்: வரி நகர்ந்துகொண்டே இருக்கிறது; தொடக்கத்தை விட்டவருக்கு முடிவு மட்டும் கிடைக்கும். எனவே எந்தத் துண்டைப் பார்த்தாலும் பொருள் தரும்படி, ஒன்றையொன்று சாராத துண்டுகளாக எழுதுகிறார்கள். இதற்கு மேல், உள்ளூர்க் கடைக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் தேவை கிடையாது. திருச்சூரிலிருந்து வந்த கல்யாண் ஜுவல்லர்ஸ் தமிழ்நாட்டில் நடிகர் பிரபுவை வைத்து 'நம்பிக்கை, அதானே எல்லாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருக்கும் கடை அதைச் சொல்ல வேண்டாம். பெயரும் தெருவும் போதும். மிச்சத்தை ஊர் நிரப்பிக்கொள்ளும்.

ஊர் எதைக் கொண்டு நிரப்புகிறது என்பதுதான் என் கேள்வி.

தமிழ் இலக்கணம் இந்த நிரப்புதலை நன்றாக அறிந்திருக்கிறது. தொடரில் சொல்லப்படாமல் எஞ்சி நின்று பொருளை முடிப்பதை எச்சம் என்கிறோம். தொல்காப்பியம் பத்து வகை எச்சங்களைச் சொல்கிறது. சொல்லும் எஞ்சும், குறிப்பும் எஞ்சும். இரு பெயர்களுக்கு இடையே வேற்றுமை உருபு மறைந்து நிற்பது தொகை. கேட்பவர் தம் உலக அறிவைக் கொண்டு உருபை விரித்துக்கொள்கிறார். ஆகவே தொகை என்பது பேசுபவரும் கேட்பவரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒன்று. இந்த ஒத்துக்கொள்ளல் சமூகத்துடையது. சமூகம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக இல்லாதபோது விரிவும் சமமாக இருப்பதில்லை.

மேலே உள்ள விளம்பரத்தில் வினைமுற்று எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றே ஒன்று: 'இல்லை'. அதுவும் காலம் காட்டாத குறிப்பு வினைமுற்று. வாங்கு, கொடு, அணி, விற்பனை செய் என்று செயலைச் சொல்லும் வினை ஒன்றும் இல்லை. யார் செய்கிறார்கள் என்று சொல்லும் எழுவாயும் இல்லை. சில விளம்பரங்கள் கடைசியில் 'அணுகவும்' என்று சேர்க்கும். அதுவும் யாரை நோக்கியது என்று சொல்லாத ஏவல்.

உருபுகளைப் பாருங்கள். 'திருமண நகைகளுக்கு' என்பதில் வெளிப்படையாக இருக்கும் 'கு' உருபு நகையோடு ஒட்டியிருக்கிறது. 'திருமண நகை' என்ற தொகையை விரித்தால் 'திருமணத்துக்கு உரிய நகை'; அங்கே 'கு' திருமணத்தோடு ஒட்டுகிறது. நகைக்குக் கடை, திருமணத்துக்கு நகை. பெண்ணுக்கு என்ற சொல் வரவே இல்லை. கல்யாண மாதங்களில் சற்று நீளமாக எழுதும் கடைகள் 'உங்கள் மகளின் திருமணத்திற்கு' என்று தொடங்குவதுண்டு. அங்கே மகள் வருகிறாள். ஆனால் 'உங்கள்' என்ற விளி பெற்றோரை, பெரும்பாலும் தகப்பனாரை நோக்கியது. மகளுக்குக் கிடைத்த ஆறாம் வேற்றுமை திருமணத்தை மட்டும் அவளுடையதாக ஆக்குகிறது, நகையை ஆக்கவில்லை.

இதை முதுகலை வகுப்பில் ஒரு பயிற்சியாகக் கொடுத்தேன். 'மகள் நகை' என்ற தொகையை விரித்து எழுதச் சொன்னேன். பாதிப்பேர் 'மகளுக்கு நகை' என்று நான்காம் வேற்றுமையாக விரித்தார்கள். மீதிப்பேர் 'மகளது நகை' என்று ஆறாம் வேற்றுமையாக. நான்காவது கொடையைச் சொல்வது, ஆறாவது உடைமையைச் சொல்வது. எது சரி என்று விவாதம் நடந்துகொண்டிருந்தபோது திருவையாற்றுப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், எங்க வீட்ல ரெண்டுமே சொல்ல மாட்டாங்க. 'பொண்ணுக்குப் போட்ட நகை'ன்னுதான் சொல்வாங்க."

"போட்டதுன்னா கொடுத்ததுதானே?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். கொடுத்தா திருப்பிக் கேக்க முடியாது. போட்டதக் கழட்டிக்கலாம்."

விளம்பரம் விட்டுவைத்த வினைச்சொல் இதுதான். டெல்டாவில் பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பது "எத்தனை பவுன் போடுறீங்க?" என்றுதான். 'தருகிறீர்கள்' என்று யாரும் கேட்பதில்லை. 'கொடு' என்ற வினை பொருளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுகிறது; பெற்றுக்கொள்பவர் ஓர் ஆள். 'போடு' என்ற வினைக்கு வேண்டியது ஒரு கழுத்து, இரு கைகள், இரு காதுகள். நகை அவள்மேல் இருக்கிறது. அவளிடம் இருப்பதாக அந்த வினை சொல்வதில்லை.

விளம்பரம் இந்த வினையை எழுதாமல் விடுவதில் சட்ட வசதியும் உண்டு. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள் 1994, ஏழாம் விதி, வரதட்சணை, குழந்தைத் திருமணம் போன்ற சமூகத் தீமைகளைப் பயன்படுத்திக்கொள்ளும் விளம்பரங்களைத் தடைசெய்கிறது. 'மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஐம்பது பவுனுக்கு எங்களிடம் வாருங்கள்' என்று ஒரு ஸ்க்ரோல் ஓடினால் அது விதிமீறல். 'திருமண நகைகளுக்கு' என்று ஓடினால் ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டையும் வாசிக்கும் தகப்பனாரின் மனத்தில் எழும் கணக்கு ஒன்றுதான். கடைக்காரர் தந்திரமாக மறைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் மறைக்கவே வேண்டியதில்லை. மொழிவழக்கு அவருக்காக ஏற்கெனவே மறைத்து வைத்திருக்கிறது.

அரசின் மொழியும் இதிலிருந்து தப்பவில்லை. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இந்தக் காவிரிக்கரைக்காரர். அவர் பெயரில் 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் அதனோடு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராமானது. மக்கள் வழக்கில் அதன் பெயர் 'தாலிக்குத் தங்கம்'. மறுபடியும் நான்காம் வேற்றுமை தாலிக்குப் போயிற்று. 2022இல் அத்திட்டம் மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' ஆனது. பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. தொகையின் அளவைப் பற்றி விவாதிக்கலாம். ஆனால் உருபு இடம் மாறியிருக்கிறது.

இனி விளம்பரத்தின் பின்பாதிக்கு வருவோம். 'கைராசி' அளக்க முடியாத சொல். '916' அளக்கக்கூடிய எண். இரண்டும் அருகருகே நிற்கின்றன. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க ஹெச்யூஐடி குறியீடு கட்டாயம், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்தக் குறியீட்டைத் தட்டிச் சரிபார்க்கலாம். கைராசியைச் சரிபார்க்க எந்தச் செயலியும் கிடையாது. நகை போட்ட பெண்ணின் வாழ்க்கை நன்றாக அமைந்தால் அது கடையின் கைராசி. அமையாவிட்டால் கடையின் கைராசியை யாரும் குறை சொல்வதில்லை. அவள் ராசி அப்படி என்பார்கள். வெற்றி கடைக்கு, தோல்வி அவளுக்கு என்று பங்கு பிரிக்கும் சொல் இது. கணவனை இழந்தவள் அந்தக் கடைப் படியேறி நகை வாங்கும் காட்சி இந்தச் சொல்லுக்குள் அடங்காது.

'செய்கூலி இல்லை' என்பதை நேராகவே படித்துப் பாருங்கள்: செய்தவருக்குக் கூலி இல்லை. பத்தரின் உழைப்பு பில்லில் தனி வரியாக இல்லாமல் சேதாரத்துக்குள் கரைந்துவிடுகிறது. சேதாரம் என்பது பட்டறையில் உருக்கும்போதும் அராவும்போதும் மெருகேற்றும்போதும் குறையும் தங்கத்துக்கான ஈடாகத் தொடங்கியது. இன்று அது கடையின் கூலி, லாபம், வடிவமைப்பு எல்லாவற்றையும் உள்ளடக்கிய விழுக்காடு. 'சேதாரம் 5% முதல்' என்ற தொடரில் எல்லா வேலையையும் செய்வது 'முதல்' என்ற சொல்தான். தொடங்கும் இடத்தைச் சொல்லும் அந்தச் சொல், முடியும் இடத்தைச் சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விலை நாளுக்கு நாள் மாறுவதால், கணக்கின் வசதிக்காகக் கிராம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுன் சங்கிலி, 8 கிராம். தங்கத்தின் விலை 48,000. 5% சேதாரம் என்றால் 2,400 ரூபாய் கூடும். ஆனால் அந்த 5% முறுக்குச் சங்கிலிக்கோ மெல்லிய மோதிரத்துக்கோ இருக்கும். பெண்ணுக்குப் பிடித்த வேலைப்பாட்டுக்குச் சேதாரம் 18% என்று வைத்தால் 1.44 கிராம், 8,640 ரூபாய். மொத்தம் 56,640. அதன்மேல் 3% ஜிஎஸ்டி சேர்ந்தால் 58,339 ரூபாய்.

அதே சங்கிலியை அடகு வைக்கப் போனால் சேதாரமும் வரியும் கணக்கில் வராது. கல் இருந்தால் அதன் எடையும் கழியும். தங்க மதிப்பில் முக்கால் பங்கு வரை என்பது நகைக்கடனுக்கு நெடுநாளாக இருந்த வரம்பு. தங்க விலை மாறாத நிலையில் 48,000இல் முக்கால் பங்கு 36,000. வாங்கிய விலைக்கும் இதற்கும் இடையே 22,000க்கு மேல் வித்தியாசம். விளம்பரம் வாங்கும் நாளை மட்டும் பேசுகிறது. டெல்டாவில் நகையின் வாழ்நாளில் பெரும்பகுதி அடகில் கழிகிறது.

நெல் நடும் ஊர்களில் இதன் காலக்கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பது வழக்கம். குறுவைக்கு விதை, உழவுக்கூலி, நடவுக்கூலி என்று பணம் தேவைப்படும் நாளில் வீட்டுப் பெண்ணின் வளையல் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் திரும்பினால் உண்டு. நிலம் கணவன் பெயரில் இருப்பதால் கடனும் பெரும்பாலும் அவன் பெயரில். 2021இல் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடன்களை நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தது. பல குடும்பங்களுக்கு அது மூச்சுவிடும் நேரம். ஆனால் சங்கத்தில் நகையைத் திரும்ப வாங்க வேண்டியவர் கடன் சீட்டில் பெயருள்ளவர். அவள் கழுத்திலிருந்து போனது, அவன் கையெழுத்தில் வந்தது.

'அப்படியானால் பெண்கள் நகையை வெறுக்க வேண்டுமா?' என்று கேட்கலாம். 'பெண்ணுக்கு நகையாசை' என்று ஏசுவது பெண்ணியம் ஆகாது. வங்கிக் கணக்கோ நிலமோ இல்லாத எத்தனையோ பெண்களுக்குக் கையில் நின்ற ஒரே சொத்து அதுதான். பிள்ளையின் படிப்புக்கு, மருத்துவமனைக்கு, ஓர் அடிதாங்காத இரவில் வீட்டைவிட்டு வெளியேறுவதற்கு அது உதவியிருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு உண்டு என்று சட்டம் வந்தது. அந்த நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. ஆனால் காவிரிப் பாசன நிலம் பங்கு பிரியும் நாளில் அண்ணன் தம்பிகள் சொல்வது ஒரே வாக்கியம்: "அவளுக்குத்தான் நகை போட்டாச்சே." அந்த வாக்கியத்தின் முடிவில் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும், அவள் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி. போட்ட நகை அப்போது கொடுத்த நகையாகிவிடுகிறது. மாமியார் வீட்டில் கழற்றும்போது அது வெறும் போட்ட நகை. தாய்வீட்டில் நிலம் கேட்கும்போது அது கொடுத்துத் தீர்த்த பங்கு. உருபை எழுதாமல் விட்டதால்தான் இரு வீட்டாராலும் இரு விதமாக விரிக்க முடிகிறது.

சட்டம் எப்படி விரிக்கிறது? 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமணத்தில் பெண்ணுக்கு வந்த சீதனம் அவளுக்கே உரிய சொத்து என்றது. கணவனோ அவன் வீட்டாரோ அதை வைத்திருந்தால் அது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம் என்றும் சொன்னது. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் அதே ஆண்டு வந்த விதிகள், திருமணத்தின்போது வந்த அன்பளிப்புகளைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்கின்றன: என்ன பொருள், தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவருக்கு என்ன உறவு. மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊர் 'போட்டது' என்று விரிப்பதைச் சட்டம் 'அவளுடையது' என்று ஆறாம் வேற்றுமையில் விரிக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலை எழுதிய கல்யாண வீடு எத்தனை? மொய் நோட்டு மட்டும் தவறாமல் எழுதப்படுகிறது.

நகையைப் பற்றி விரிவாக எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஸ்க்ரோல் ஓடும் வீடுகளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், ஆயிரம் ஆண்டுக்கு முன் இறைவனுக்கு அளித்த நகைகள் ஒவ்வொன்றாகப் பதிவாகியுள்ளன. பொன் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று கடைசித் துளிவரை. முத்துக்கு எண்ணிக்கை. நூல், அரக்கு போன்றவற்றில் எதை நீக்கி, எதைச் சேர்த்து நிறுத்தது என்ற குறிப்பு. விலை எத்தனை காசு என்ற கணக்கு. கொடுத்தவர் பெயர்: ராசராசன் மட்டுமல்ல, அவன் தமக்கை குந்தவை, அவன் தேவியர். வினைச்சொல் 'கொடு'. எழுவாய் உண்டு, பெறுபவர் உண்டு, உருபு உண்டு. அரச குலப் பெண்களுக்குக் கிடைத்த இந்த இலக்கணம் ஊரிலிருந்த மற்றப் பெண்களுக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அதே கோயிலின் கல்வெட்டில் கோயில் பணிக்காகக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: சொத்து யாருடையது என்பதில் ஐயம் இருக்கக் கூடாது என்று அதிகாரம் நினைக்கும் இடத்தில் தமிழ் நீளமாகவே எழுதப்படுகிறது. குறைவாக எழுதப்படும் இடத்தில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை.

ஸ்லைடும் ஸ்க்ரோலும் மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிறைய எழுத அவற்றில் இடமும் இல்லை. ஆனால் அதே கடையில் இன்னொரு பிரதி உண்டு: பில். அதில் மொத்த எடை, கல் நீக்கிய நிகர எடை, சேதார விழுக்காடு, வரி, 'பெயர்' என்று கட்டங்கள் இருக்கின்றன. பெயர்க் கட்டத்தில் பெரும்பாலும் தகப்பனார் பெயர் விழுகிறது, பணம் கட்டியவர் அவர் என்பதால். மகளின் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பதற்குச் செலவு கிடையாது. ஹெச்யூஐடி எண்களோடு பில்லைப் படம் எடுத்து அவளே வைத்துக்கொள்ளலாம். அன்பளிப்புப் பட்டியலோடு அதைச் சேர்த்துவைத்தால், பின்னால் எந்த வீட்டார் எப்படி விரித்தாலும் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

திருவையாற்று மாணவி அந்தப் பயிற்சித்தாளில் மூன்றாவதாக ஒரு விரிவு எழுதியிருந்தாள். 'மகள் வாங்கிய நகை'. வேற்றுமைத்தொகையை அப்படி விரிக்க இலக்கணம் இடம் தராது. பெயரெச்சம் புகுந்துவிட்டது என்று சிவப்பு மையால் குறித்தேன். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.